வாய் அசைவுக்கு எத்தனை மதிப்பெண்?

“வெத்தலை போடுறதை விட்டு ரெண்டு வருஷமாச்சு டாக்டர். ஆனா அத்தை இன்னமும் மென்னுக்கிட்டேதான் இருக்காங்க. வாயில ஒண்ணுமில்ல, நானே தொறந்து பாத்துட்டேன்.”

இதைச் சொன்ன மருமகள், மாமியாருக்கு மாதாந்திர மாத்திரை வாங்கத்தான் வந்திருந்தார். வாயை மெல்வதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்து வரவில்லை; கிளம்பும்போது வாய்தவறி வந்த பேச்சு அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாருக்கு 61 வயது. 22 வருடங்களாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்று அவர் சொன்னபோதும் தாடை பக்கவாட்டில் அசைந்துகொண்டிருந்தது. (இந்த அம்மா ஒரே ஆள் அல்ல. என்னிடம் வந்த சிலரைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன்.)

இதற்கு டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர். மருத்துவர்கள் டி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு வாய், நாக்கு, தாடை, விரல்கள், சில சமயம் உடம்பு முழுவதுமே தானாக அசையத் தொடங்கும். டோபமைன் வந்து ஒட்டும் இடங்களை மருந்து நீண்ட நாள் அடைத்து வைத்திருந்தால், மூளை அந்த இடங்களைக் கூடுதலாக உருவாக்கிக்கொள்கிறது, இருப்பவற்றின் உணர்திறனையும் கூட்டிக்கொள்கிறது என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படும் விளக்கம். முழு விளக்கம் அது இல்லை என்றாலும், பின்னால் வரப்போகும் ஒரு விசித்திரத்தைப் புரிந்துகொள்ள அது உதவும்.

இந்த அசைவு ஒரே நாளில் வந்து நிற்பதில்லை, மெல்ல மெல்ல ஊறி வரும். தினமும் கூடவே இருப்பவர்களுக்குப் பழகிவிடும். நோயாளிக்கோ, குறிப்பாக மனச்சிதைவு உள்ளவருக்கு, தன் வாய் அசைவது பெரும்பாலும் தெரியவே தெரியாது. மருத்துவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் தூக்கம் எப்படி, காதில் குரல் கேட்கிறதா என்று விசாரிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் பிடித்தால் குறைவதற்கான வாய்ப்பு அதிகம், ஊறிப்போன பிறகு குறைவு. எனவே யாராவது புகார் சொல்லட்டும் என்று காத்திராமல், நாமாகத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் அளவுகோல்.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் உருவாகி 1976-ல் வெளியான அசைவு அளவுகோல்தான் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் ‘எய்ம்ஸ்’ என்று வரும். டெல்லியில் இருக்கும் மருத்துவமனைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பயிற்சி மருத்துவர்களிடம் “எய்ம்ஸ் பார்த்தாயா” என்று கேட்டால் முதல் வாரம் குழப்பம்தான். ஒரே ஒரு தாள். ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். நன்றாகச் செய்தால் பத்து நிமிடம் ஆகும்.

முகத்தசை, உதடு, தாடை, நாக்கு, கை, கால், நடு உடம்பு என்று ஏழு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். அசைவே இல்லை என்றால் 0. இருக்கிறதோ இல்லையோ, சாதாரண மனிதரிடமும் இந்த அளவு இருக்கலாமோ என்று சந்தேகம் வந்தால் 1. லேசாக, ஆனால் நிச்சயமாக இருந்தால் 2. நடுத்தரம் என்றால் 3, கடுமை என்றால் 4. இந்த ஏழுக்கும் பிறகு மொத்தத்தில் எவ்வளவு கடுமை, அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது, நோயாளிக்கே அது தெரிகிறதா, தெரிந்தால் எவ்வளவு வருத்துகிறது என்று மூன்று கேள்விகள். கடைசியாகப் பல்லைப் பற்றி இரண்டு கேள்விகள்.

மதிப்பெண் போடுவதைவிட, அதற்கு முன் நோயாளியைப் பார்க்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. பரிசோதனை அறைக்குள் வருவதற்கு முன்பே அது தொடங்கிவிடும். வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது, தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கும்போது வாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்தால் கையைக் கைப்பிடியில் அழுத்தி அசைவை அடக்கிக்கொள்ள முடியும். ஆகவே கைப்பிடி இல்லாத, கெட்டியான நாற்காலிதான் போட வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும். கால் விரல்கள் சத்தமில்லாமல் நெளிவது செருப்புக்குள் தெரியாது.

அடுத்து, வாயில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். மூலத் தாளில் சூயிங்கம், மிட்டாய் என்று இருக்கும். நம் ஊரில் வெற்றிலை, பாக்கு, புகையிலை, ஹான்ஸ் என்று கேட்க வேண்டும். எத்தனையோ பேருடைய டி.டி. பல வருடம் வெற்றிலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்த அம்மாவுக்கும் அது இரண்டு வருடத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வெற்றிலையை நிறுத்தியதால் வெளியே தெரிந்திருக்கிறது. பல்லைப் பற்றிய கேள்விகளுக்கும் இதே காரணம்தான். பல் இல்லாதவர்கள், பொருந்தாத பல்செட் போட்டிருப்பவர்கள் எந்த மருந்தும் சாப்பிடாமலே வாயை மென்றுகொண்டிருப்பதுண்டு. இந்த அம்மாவின் மேல் பல்செட் தளர்ந்து ஆடியது. அதைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தேன். தாடை அப்போதும் அசைந்தது, நாக்கும் வாய்க்குள்ளேயே புரண்டது. பழியைப் பல்செட் மீது போட முடியவில்லை.

பிறகு முழங்கால்மேல் கையை வைத்து, பாதம் தரையில் படிய உட்காரச் சொல்வது. கையைத் தொடைகளுக்கு நடுவே தொங்கவிடச் சொல்வது. வாயை இருமுறை திறக்கச் சொல்லி, உள்ளே நாக்கு சும்மா கிடக்கிறதா என்று பார்ப்பது. நாக்கை வெளியே இருமுறை நீட்டச் சொல்வது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அடுத்ததுதான்: கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக, முடிந்தவரை வேகமாக, பத்துப் பதினைந்து வினாடி தொடச் சொல்வோம். நோயாளி தன் விரலைப் பார்ப்பார், பக்கத்தில் நிற்பவரும் விரலைத்தான் பார்ப்பார். ஆனால் பரிசோதிப்பவர் பார்க்க வேண்டியது வாயையும் காலையும். கவனம் கைக்குப் போய்விட்டதால், இதுவரை அடக்கி வைத்திருந்த உதடும் தாடையும் தம் வேலையைக் காட்டத் தொடங்கும். அந்த அம்மாவிடம் அதுதான் நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபோது லேசாக இருந்த தாடை அசைவு, வலது கை விரல்களை எண்ணத் தொடங்கியதும் பக்கவாட்டில் நன்றாகவே அரைத்தது. கடைசியில் எழுந்து நிற்க வைத்து, இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, கொஞ்ச தூரம் நடந்து திரும்பி வரச் சொன்னேன். நடக்கும்போது இடது கை விரல்கள் எதையோ வாசிப்பதுபோல நெளிந்தன.

முகம் 1, உதடு 2, தாடை 3, நாக்கு 2, கை 2, கால் 1, நடு உடம்பு 0. கூட்டினால் 11.

இந்த 11-ஐ வைத்து என்ன சொல்ல முடியும் என்று கேட்டால், தனியாக வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஏழு இடத்திலும் ஒவ்வொரு மதிப்பெண் வாங்கியவருக்குக் கூட்டுத்தொகை 7. தாடையில் மட்டும் மூன்று வாங்கியவருக்குக் கூட்டுத்தொகை 3. முதலாமவருக்கு டி.டி. என்று சொல்ல முடியாது, இரண்டாமவருக்குச் சொல்லலாம். ஸ்கூலர், கேன் என்ற இருவர் 1982-ல் வகுத்த வரையறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம்: ஏதாவது ஓர் இடத்தில் 3, அல்லது இரண்டு இடங்களில் 2 இருக்க வேண்டும், மொத்தத்தில் மூன்று மாதமாவது இந்த வகை மருந்து சாப்பிட்டிருக்க வேண்டும், வேறு காரணம் எதுவும் இருக்கக் கூடாது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு மாத மருந்தே போதும் என்று பிற்காலப் பாடநூல்கள் சொல்கின்றன, ஏனென்றால் வயதானவர்களுக்கு இது சீக்கிரமே வந்துவிடுகிறது.

கடைசி நிபந்தனைதான் கஷ்டமானது. அளவுகோலுக்கு அசைவு தெரியும், காரணம் தெரியாது. இளம் வயதில் வந்தால் வில்சன் நோயா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தால் ஹன்டிங்டன் நோயா, தைராய்டு எப்படி இருக்கிறது என்றெல்லாம் மருத்துவர்தான் யோசிக்க வேண்டும். அதே மருந்துகள் உண்டாக்கும் வேறு அசைவுகளும் இருக்கின்றன. ஒரே தாளத்தில் கை நடுங்கினால் அது பார்க்கின்சன் வகை. இந்தத் தாளில் அதற்கு மதிப்பெண் கிடையாது. உள்ளுக்குள் ஒரு தவிப்பு எழுந்து, உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தால் அது அகதீசியா. டி.டி.க்கு நடுக்கத்தைப் போன்ற சீரான தாளம் இல்லை, தூக்கத்தில் நின்றுவிடும், மனம் பதறினால் கூடும். இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை டி.டி.யைக் கூட்டிவிடக்கூடும். அதைப் பிறகு பார்ப்போம்.

மருந்தே சாப்பிடாதவர்களுக்கு இந்த அசைவு வராதா? வரும். இதைக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று சென்னையில் நடந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் மெக்ரீடியும், சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் தாரா முதலியோரும் சேர்ந்து செய்த ஆய்வு 1996-ல் பிரிட்டிஷ் மனநல இதழில் வெளியானது. வயதான, ஒரு நாள்கூட மருந்து சாப்பிடாத மனச்சிதைவு நோயாளிகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். மேலை நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அரிது. இங்கே சிகிச்சையே எட்டாமல் பல வருடம் கழித்தவர்கள் இருந்தார்கள். அதற்கு நாம் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நோய் எதுவும் இல்லாத முதியவர்களில் 15 சதவீதம் பேருக்கு அசைவு இருந்தது. மருந்தே சாப்பிடாத நோயாளிகளில் 38 சதவீதம். மருந்து சாப்பிட்டவர்களில் 41 சதவீதம். மருந்து சாப்பிடாதவர்கள் என்று கிடைத்தது 21 பேர்தான் என்பதால் இதை வைத்து மருந்தைக் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம்: அசைவில் ஒரு பங்கு வயதுக்கும் நோய்க்குமே உரியது. ஆகவே முதல் மாத்திரை கொடுப்பதற்கு முன்பே ஒரு தடவை அளந்து தாளில் எழுதி வைத்திருந்தால்தான், பிறகு வந்தது எது என்று தெரியும். அந்த அம்மாவின் 22 வருடக் கோப்பில் அப்படி ஒரு தாள் இல்லை. அநேகமாக யாருடைய கோப்பிலும் இருப்பதில்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை அளப்பது என்பதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டி ஒரு கணக்குச் சொல்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் கண்ணால் ஒரு பார்வை. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழு அளவுகோல், மற்றவர்களுக்கு வருடம் ஒரு முறை. வயதானவர்கள், பெண்கள், ஹாலோபெரிடால், ஃப்ளூபெனசின் ஊசி போன்ற பழைய தலைமுறை மருந்தில் இருப்பவர்கள், தொடக்கத்திலேயே உடம்பு விறைத்துக் கை நடுங்கியவர்கள் எல்லாம் ஆபத்து அதிகம் உள்ள பட்டியலில் வருவார்கள். புதிய மருந்துகளில் இது குறைவு. இல்லவே இல்லை என்று சொன்னால் அது தவறு.

இனி மருந்து. அந்த அம்மா ராத்திரி ஹாலோபெரிடால் 10 மி.கி. சாப்பிடுகிறார். கூடவே கை நடுக்கம் வராமல் இருக்க டிரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி. காலை மாலை என்று இரண்டு. “வேற ஏதாவது மாத்திரை உண்டா?” என்று கேட்டதற்கு மருமகள் யோசித்துவிட்டு, “கேஸ் மாத்திரைதான். எட்டு மாசமா மெடிக்கல்ல வாங்கிக் குடுக்கிறோம்” என்றார். அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். ராபெப்ரசோலுடன் லெவோசல்பிரைடு 75 மி.கி. சேர்ந்த கேப்ஸ்யூல்.

இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். லெவோசல்பிரைடும், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் வயிற்று மருந்தாக விற்கப்பட்டாலும் அவையும் டோபமைனைத் தடுப்பவைதான். மெட்டோகுளோபிரமைடை 12 வாரத்துக்கு மேல் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009-லேயே கட்டம் போட்டு எச்சரித்தது. மனநோய் என்ற பேச்சே இல்லாத, நெஞ்செரிச்சலுக்கு மட்டும் மாத்திரை சாப்பிட்ட முதியவர்கள் வாயை மென்றுகொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போய் நிற்பது நம் ஊரில் நடக்கிறது. எனவே முதல் முடிவு சுலபமானது: கேஸ் மாத்திரையில் லெவோசல்பிரைடு இல்லாத வெறும் ராபெப்ரசோல் போதும். இதற்கு எந்தப் பேரமும் தேவையில்லை.

அடுத்து டிரைஹெக்ஸிஃபெனிடில். வாய் அசைவதைப் பார்த்தவுடன் “பக்க விளைவு வந்துவிட்டது, பக்க விளைவு மாத்திரையைக் கூட்டுவோம்” என்று கை தானாக எழுதிவிடும். நடுக்கத்துக்கும், கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதற்கும் அது நல்ல மருந்து. டி.டி.யில் அது உதவாது, பலருக்கு அசைவைக் கூட்டும். போதாததற்கு வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், வயதானவர்களின் நினைவாற்றலைக் குழப்பும். அம்மாவின் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்ததில் விறைப்பு மிகக் குறைவாகவே இருந்தது. அப்படியானால் இது தேவையில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் வாந்தி, பதற்றம், தூக்கமின்மை வரும். சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே கடினம்: ஹாலோபெரிடால். மருமகள் கேட்டது நியாயமான கேள்வி. “இந்த மாத்திரையாலதான் வந்துச்சுன்னா நிறுத்திடலாமே டாக்டர்?” பழைய கோப்பைப் புரட்டினேன். ஆறு வருடத்துக்கு முன் அம்மா தானாகவே மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். ஐந்தாவது வாரம் வீட்டை விட்டுப் போனவர், மூன்று நாள் கழித்து வேறொரு ஊர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்திருக்கிறார். அதற்கு முன்பும் இரண்டு முறை இதே கதை. வாய் அசைவதற்காக மாத்திரையை நிறுத்துவது இவரைப் பொறுத்தவரை தெரிந்தே எடுக்கும் பெரிய ஆபத்து. நிறுத்தினால் டி.டி. போய்விடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இங்கேதான் முன்பு சொன்ன விசித்திரம் வருகிறது. ஹாலோபெரிடாலைக் குறைத்தால் வாய் அசைவு முதலில் கூடும். அடைத்து வைத்திருந்த இடங்கள் திறந்துகொள்ள, உணர்திறன் கூடிய மூளைக்கு டோபமைன் ஒரேயடியாகக் கிடைக்கும். இப்படி வருவது பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் அடங்கும். மாறாக மாத்திரையைக் கூட்டினால் அசைவு சட்டென்று மறையும், எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மறைந்ததே தவிரப் போகவில்லை. அடியில் அது வளர்ந்துகொண்டிருக்கலாம். குறைத்தபோது கூடியதைப் பார்த்துப் பயந்து மறுபடி கூட்டுவதும், கூட்டியபோது மறைந்ததைப் பார்த்து நிம்மதியடைவதும் சேர்ந்து ஒரு நோயாளியை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைப் பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

நிறுத்த முடியாது, கூட்டக் கூடாது. மிச்சம் இருப்பவை இரண்டு வழிகள். டி.டி. குறைவாக வரும் மருந்துக்கு மாற்றுவது ஒன்று. குளோசபினில் பலருக்கு அசைவு குறைவது தெரிந்ததே. ஆனால் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். இந்த அம்மாவின் ஊரிலிருந்து மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். குவெட்டியாபின் அந்த அளவுக்கு நிரூபணமானது இல்லை, ஆனால் வாராந்திர ரத்தப் பரிசோதனை தேவையில்லை. தூக்கம், எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது, சர்க்கரை ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டால் போதும்.

இன்னொரு வழி, இருக்கும் மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு, டி.டி.க்கென்றே ஒரு மருந்து சேர்ப்பது. நரம்பு முனையில் டோபமைன் பொதிந்து வைக்கப்படும் வேலையை இந்த வகை மருந்துகள் குறைக்கின்றன. அடுத்த நரம்புக்குப் போய்ச் சேரும் டோபமைனின் அளவே குறைகிறது. டெட்ராபெனசின் இதில் பழையது. 2017-ல் அமெரிக்காவில் வால்பெனசினும் டியூடெட்ராபெனசினும் டி.டி.க்கென்றே அனுமதி பெற்றன. அளவுகோலின் மதிப்பெண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை வால்பெனசின் சோதனை நன்றாகக் காட்டும். ஆறு வார முடிவில் மருந்தின் கூடிய அளவை எடுத்தவர்களுக்குச் சராசரியாக 3.2 மதிப்பெண் குறைந்தது, போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.1. மதிப்பெண் போட்டவர்கள் நோயாளியை நேரில் பார்த்தவர்கள் அல்ல. யாருக்கு எந்த மாத்திரை, எந்த வாரம் எடுத்தது என்று தெரியாமல் வீடியோவைப் பார்த்துப் போட்டவர்கள். ஆக, இருப்பதில் நல்ல மருந்துகூட மூன்று மதிப்பெண்தான் குறைக்கிறது. சாதாரண மருத்துவமனையில் ஒரு மருத்துவர் 2 என்பதை இன்னொருவர் 3 என்பார். ஒன்று இரண்டு மதிப்பெண் ஏறினாலோ இறங்கினாலோ அதில் நோயாளியின் பங்கு எவ்வளவு, பார்ப்பவரின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதனால்தான் முடிந்தவரை ஒரே ஆள், ஒரே மாதிரி நாற்காலி, கூடவே ஒரு போன் வீடியோ என்று வைத்துக்கொள்கிறோம்.

டெட்ராபெனசின் கொடுக்கலாமா என்று யோசித்து, ஒதுக்கிவைத்தேன். அந்த வகை மருந்து, குறிப்பாக டெட்ராபெனசின், மனச்சோர்வைக் கொண்டுவரும். அம்மாவின் கணவர் போன வருடம்தான் இறந்திருந்தார். அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, காலையில் எழுந்திருக்க மனமில்லை என்று மருமகள் சொன்னார். மதிப்பெண் தாளில் இந்த விவரத்துக்கு இடம் கிடையாது. அசைவு எவ்வளவு முடக்குகிறது என்ற கேள்விக்கு 2 போட்டிருந்தேன்: சோறு வாயிலிருந்து சிந்துகிறது, எப்போதாவது நாக்கைக் கடித்துக்கொள்கிறார். மூச்சோ விழுங்குவதோ பாதிக்கப்பட்டிருந்தால் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும். இந்த நிலையில் காத்திருக்க நேரம் இருந்தது. எனவே மருந்தை மாற்றுவது, அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாகச் செய்தால் அடுத்த மதிப்பெண் எதனால் வந்தது என்று தெரியாது.

முதல் மாதம் லெவோசல்பிரைடு மட்டும் நின்றது. மதிப்பெண் 12. கூடியதாகத் தோன்றினாலும் ஒரு மதிப்பெண்ணை நான் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் டிரைஹெக்ஸிஃபெனிடில் அரை அரை மாத்திரையாகக் குறைந்து நின்றது. மதிப்பெண் 9, மலச்சிக்கல் போனது, கை நடுங்கவில்லை. அதன் பிறகுதான் ஹாலோபெரிடாலைத் தொட்டோம். குவெட்டியாபினை 50 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றிக்கொண்டே, மறுபக்கம் ஹாலோபெரிடாலை இரண்டு வாரத்துக்கு 2.5 மி.கி. என்று இறக்கினோம். தொடங்கும் முன்பே மருமகளிடம் சொல்லிவிட்டேன்: “நடுவுல வாய் அசையறது கூடும்மா. பயந்துட்டுப் பழைய மாத்திரையைக் குடுத்துடாதீங்க. ராத்திரி தூங்கலைன்னாலோ, தனக்குத்தானே பேசினாலோ அன்னைக்கே போன் பண்ணுங்க.”

சொன்னபடியே நடந்தது. ஐந்தாவது மாதம் 13. சாப்பிடும்போது எடுத்த வீடியோவை மருமகள் காட்டினார்; தாடை ஓயவில்லை, ஒரு கவளத்தில் பாதி தட்டிலேயே விழுந்தது. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் கலக்கம்தான். ஆனால் தூக்கம் இருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது, சந்தேக எண்ணம் எதுவும் திரும்பவில்லை. மாற்றம் எதுவும் செய்யாமல் விட்டோம். எட்டாவது மாதம் 8. ஒரு வருடம் ஆனபோது 6: தாடை 2, உதடு 1, நாக்கு 1, கை 1, முகம் 1. இதற்கிடையில் புதுப் பல்செட்டும் வந்திருந்தது. இந்த 6-இல் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். தாடையில் மட்டும் 2 என்பதால் வரையறைப்படி இப்போது டி.டி. என்றே சொல்ல முடியாது. ஆனால் அது வாய்க்குள் இல்லாமல் போகவில்லை, விரல்களை எண்ணச் சொன்னால் இப்போதும் தெரியும்.

இப்போது பிரச்சினை வேறு. குவெட்டியாபின் 400 மி.கி.யில் அம்மா காலை ஒன்பது மணிவரை தூங்குகிறார், எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது. “கொஞ்சம் குறைக்கலாமா டாக்டர்?” என்று கேட்கிறார் மருமகள். குறைத்தால் வாய் அசைவு ஒருவேளை மீண்டும் தலைகாட்டலாம், பஸ் ஸ்டாண்ட் கதையும் திரும்பலாம். மாத்திரையை ராத்திரி எட்டு மணிக்கே கொடுத்துப் பார்ப்பது, சர்க்கரையைப் பரிசோதிப்பது, அளவைத் தொடாமல் மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி அளப்பது என்று முடிவாகியிருக்கிறது.